ஒரு சதுர மீட்டர் சுவருக்கு எத்தனை கல், எவ்வளவு கலவை?

வீடு கட்டத் தொடங்குகிறவர்கள் முதலில் விசாரிப்பது ஒரு கல்லின் விலையைத்தான். செங்கல் என்ன விலை, ஃப்ளை ஆஷ் கல் என்ன விலை, ஏஏசி பிளாக் என்ன விலை என்று மூன்று இடங்களில் கேட்டு எழுதி வைத்துக்கொள்வார்கள். ஆனால் அந்த மூன்று விலைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்றும் விளங்காது. ஒரு பிளாக் நிற்கும் இடத்தில் பன்னிரண்டு செங்கல் நிற்கும். அந்தப் பன்னிரண்டு செங்கல்லையும் இணைக்கச் சிமெண்டும் மணலும் வேண்டும். சுவரின் கணக்கில் பாதியைத்தான் கல் விலை சொல்கிறது. மீதிப் பாதி கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் இருக்கிறது.

அதனால் கேள்வியையே மாற்றிக் கேட்க வேண்டும். ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் உயரம் உள்ள சுவரை எழுப்ப எத்தனை கல் போகும், எத்தனை லிட்டர் கலவை போகும்? இந்த இரண்டு எண்களும் கையில் இருந்தால் எந்த ஊர் விலையையும் போட்டு ஒப்பிட்டுவிடலாம். இந்தக் கணக்குக்குப் பொறியியல் படிப்பு தேவையில்லை. ஒரு டேப்பும் பெருக்கத் தெரிந்த ஒருவரும் போதும்.

செங்கல்லில் தொடங்குவோம்

தமிழ்நாட்டில் சேம்பர் செங்கல் பெரும்பாலும் ஒன்பது இஞ்ச் நீளம், நாலேகால் இஞ்ச் அகலம், மூன்று இஞ்ச் கனத்தில் கிடைக்கிறது. மில்லிமீட்டரில் சொன்னால் ஏறத்தாழ 230, 110, 75. கற்களுக்கு நடுவே விடும் கலவைப் பட்டையைக் கொத்தனார்கள் ஜாயிண்ட் என்பார்கள். அது 10 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்பதுதான் நல்ல கட்டுவேலைக்கான அளவு.

இப்போது சுவரின் முகத்தைப் பார்ப்போம். நீளவாக்கில் வைத்த ஒரு செங்கல், தன் பங்குக்கு உரிய ஜாயிண்டோடு சேர்த்து, 240 மில்லிமீட்டர் நீளத்தையும் 85 மில்லிமீட்டர் உயரத்தையும் பிடிக்கிறது. மீட்டரில் 0.24 பெருக்கல் 0.085, அதாவது 0.0204 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரை இதால் வகுத்தால் 49 வருகிறது. நாலரை இஞ்ச் சுவர் என்று நாம் சொல்லும் ஒற்றைக்கல் தடுப்புச் சுவருக்கு இதுவே கணக்கு: சதுர மீட்டருக்கு 49 கல்.

ஒன்பது இஞ்ச் சுவரில் கனவாக்கில் இரண்டு கல் இருக்கின்றன. 110, நடுவில் 10, மறுபடி 110, மொத்தம் 230. ஆகவே கல் இரட்டிப்பாகி 98 ஆகிறது. கொத்தனார் ஒரு வரியை நீளவாக்கிலும் அடுத்த வரியைக் குறுக்காகவும் மாற்றி மாற்றி வைப்பார். அப்போதும் எண்ணிக்கை மாறாது, ஏனென்றால் குறுக்கே வைத்த ஒரு கல் இரண்டு நீளக் கற்களுக்குரிய கனத்தையும் பாதி நீளத்தையும் பிடிக்கிறது. சதுர அடியில் சொன்னால் ஒன்பது இஞ்ச் சுவருக்கு ஒன்பது கல்லும் கொஞ்சமும், நாலரை இஞ்ச் சுவருக்கு நாலரைக் கல்லும் கொஞ்சமும். பழைய மேஸ்திரிகள் வாய்க்கணக்காகச் சொல்வதும் இதுதான். அவர்கள் சொன்னது சரியே.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஒரு கன மீட்டர் கட்டுவேலைக்கு 500 செங்கல் என்று பல எஸ்டிமேட்டுகளில் எழுதியிருக்கும். அந்த எண் தவறல்ல, ஆனால் அது நம் கல்லுக்கு உரியது அல்ல. 190, 90, 90 மில்லிமீட்டர் அளவுள்ள தர அளவுச் செங்கல்லுக்கு உரியது அது. ஜாயிண்டோடு சேர்த்தால் அந்தக் கல் 200, 100, 100 ஆகிவிடும், கன மீட்டருக்குச் சரியாக 500 வரும். நம் ஒன்பது இஞ்ச் கல்லுக்கு அதே கணக்கைப் போட்டால் கன மீட்டருக்கு 426 தான் வருகிறது. கல்லின் அளவைப் பார்க்காமல் 500 என்று எழுதியவர், நூற்றுக்குப் பதினேழு கல் கூடுதலாக வாங்கச் சொல்கிறார். ஒரு வீட்டுக்கு இருபதாயிரம் கல் போதும் என்றால், அந்த எழுத்து மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கல்லைத் தேவையில்லாமல் இறக்கிவிடும்.

கலவை எங்கே போகிறது?

கலவையைக் கணக்கிடும் வழி எளிது. சுவரின் மொத்தக் கன அளவிலிருந்து கற்களின் கன அளவைக் கழித்தால் மிச்சம் இருப்பதெல்லாம் கலவை. ஒரு சதுர மீட்டர் ஒன்பது இஞ்ச் சுவரின் கன அளவு 230 லிட்டர். ஒரு செங்கல் 1.9 லிட்டருக்குச் சற்றுக் குறைவு, 98 செங்கல் 186 லிட்டர். மிச்சம் 44 லிட்டர். சுவரில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கல்லே இல்லை, கலவைதான்.

இந்த 44 லிட்டரும் ஒரே இடத்தில் இல்லை. வரிக்கும் வரிக்கும் நடுவே படுக்கையாகப் போடும் கலவை 27 லிட்டர். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே செங்குத்தாகவும், இரண்டு கற்களுக்கு இடையே சுவரின் வயிற்றிலும் போக வேண்டியது 17 லிட்டர். நான் இதைப் பிரித்துச் சொல்லக் காரணம் உண்டு. வேலை அவசரத்தில் விட்டுப்போவது எப்போதும் இந்த 17 லிட்டர்தான். படுக்கைக் கலவை இல்லாமல் கல் நிற்காது, ஆகவே அதைப் போட்டே ஆக வேண்டும். செங்குத்து ஜாயிண்டை வெளிமுகத்தில் மட்டும் கரண்டி நுனியால் மூடிவிட்டு உள்ளே காலியாக விடலாம், அன்றைக்கு யாருக்கும் தெரியாது. மேலே பூச்சும் வந்துவிடும். இரண்டாவது மழைக்காலத்தில் மேற்குச் சுவரின் உட்புறம் ஈரம் பூத்து வர்ணம் உப்பும்போதுதான் தெரியவரும். எதிர்பார்த்ததைவிடக் கலவை மிகவும் குறைவாகச் செலவாகியிருந்தால் வீட்டுக்காரர் மகிழ வேண்டாம். பூச்சுக்கு முன்பே, காலை வெயிலில் சுவரின் ஒரு பக்கம் நின்று பார்த்தால் சில ஜாயிண்டுகளில் வெளிச்சம் தெரியும். மெல்லிய கம்பியை நுழைத்தால் தடையில்லாமல் உள்ளே போகும். அந்த இடங்களைக் காட்டி நிரப்பச் சொல்ல அதுதான் நேரம்.

44 லிட்டர் என்பது கல் சரியான அளவில் இருந்து, ஜாயிண்டும் 10 மில்லிமீட்டரைத் தாண்டாதபோது வரும் கணக்கு. சூளைச் செங்கல் எல்லாம் அப்படி வருவதில்லை. களிமண் காயும்போது ஒருமுறை சுருங்குகிறது, வேகும்போது மறுபடி சுருங்குகிறது. நெருப்புக்கு அருகில் அடுக்கிய கல் அதிகம் சுருங்கி வளைகிறது, ஓரத்தில் இருந்த கல் குறைவாகச் சுருங்குகிறது. ஒரே லோடில் கனம் 70 உள்ள கல்லும் 76 உள்ள கல்லும் கலந்து வரும். நூல் கட்டி மட்டம் பார்த்து வேலை செய்யும் கொத்தனார் என்ன செய்வார்? கனம் குறைந்த கல்லின் அடியில் கலவையைக் கூடுதலாகப் போட்டு மட்டத்துக்குக் கொண்டுவருவார். அது அவர் குற்றமல்ல. வேறு வழி இல்லை.

அந்த ஏற்ற இறக்கம் எவ்வளவு கலவையைத் தின்னும் என்று பார்ப்போம். சராசரியாக 220, 105, 72 மில்லிமீட்டர் உள்ள கல், 15 மில்லிமீட்டர் ஜாயிண்ட் என்று வைத்துக்கொள்வோம். மறுபடி கணக்குப் போட்டால் சதுர மீட்டருக்குக் கல் எத்தனை தெரியுமா? அதே 98. ஆனால் கலவை 44 லிட்டரிலிருந்து 62 லிட்டருக்கு ஏறிவிடுகிறது. கல்லை எண்ணிப் பார்த்த வீட்டுக்காரருக்கு எல்லாம் சரியாகவே இருக்கும். கூடுதல் செலவு முழுவதும் சிமெண்ட் மூட்டையிலும் எம்-சாண்ட் லோடிலும் போய் ஒளிந்துகொள்ளும். சிறிய கல்லை சற்று மலிவாக விற்றால் லாபம் என்று நினைப்பவர்கள் இந்த 18 லிட்டரையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

கல்லில் குழி இருந்தால் அதையும் நிரப்ப வேண்டும். மேல்முகத்தில் நிறுவனப் பெயர் பதித்த குழி, 10 சென்டிமீட்டர் நீளமும் 4 சென்டிமீட்டர் அகலமும் ஒரு சென்டிமீட்டர் ஆழமும் இருந்தால், 98 கல்லுக்கு இன்னும் 4 லிட்டர் பிடிக்கும். குழி மேலே பார்க்கும்படி வைத்தால்தான் அது நிறையும். கவிழ்த்து வைத்தால் கலவை மிச்சமாகும், சுவருக்குள் வெற்றிடமும் மிச்சமாகும்.

கல் ஒழுங்காக இருக்கிறதா என்று லோடு இறங்கும்போதே பார்க்க ஒரு சோதனை உண்டு. செங்கல்லுக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 1077 சொல்லும் முறை அது. லோடிலிருந்து கலந்து எடுத்த 20 கல்லை நீளவாக்கில் ஒட்டி ஒட்டித் தரையில் வரிசையாக வைக்க வேண்டும். 230 மில்லிமீட்டர் கல் என்றால் வரிசையின் மொத்த நீளம் 4 மீட்டர் 52 சென்டிமீட்டருக்கும் 4 மீட்டர் 68 சென்டிமீட்டருக்கும் இடையே இருக்க வேண்டும். அகலவாக்கில் வைத்தால் 2 மீட்டர் 16 முதல் 2 மீட்டர் 24 வரை. ஒரு கல்லை அளந்தால் விற்பவர் நல்ல கல்லாக எடுத்துக் கொடுத்துவிடலாம். இருபது கல்லை வரிசை வைத்தால் மறைக்க முடியாது.

ஃப்ளை ஆஷ் கல்: எண்ணிக்கை அதே, ஜாயிண்ட் வேறு

நெய்வேலி, மேட்டூர், எண்ணூர், தூத்துக்குடி என்று அனல்மின் நிலையங்கள் உள்ள மாநிலத்தில் சாம்பல் செங்கல் பரவியதில் வியப்பில்லை. நிலக்கரி எரிந்து புகையோடு பறக்கும் நுண்சாம்பலைப் பிடித்து, சுண்ணாம்பு, ஜிப்சம் அல்லது சிமெண்ட், குவாரித் தூள் சேர்த்து, இயந்திரத்தில் அழுத்தி வார்க்கிறார்கள். சூளையில் சுடுவதில்லை, தண்ணீரில் பதப்படுத்துகிறார்கள். சுடாததால் வளையாது, சுருக்கமும் மிகக் குறைவு. அச்சிலிருந்து வந்த அளவு அப்படியே சுவருக்கு வருகிறது.

ஆகவே 230, 110, 75 அளவில் வாங்கினால் ஒன்பது இஞ்ச் சுவருக்குச் சதுர மீட்டருக்கு அதே 98 கல். இந்தக் கல்லில் எண்ணிக்கை குறையும் என்று சொல்லி விற்பவர்களை நம்ப வேண்டாம். அளவு ஒன்றாக இருந்தால் எண்ணிக்கையும் ஒன்றுதான். மிச்சம் வேறிடத்தில் இருக்கிறது. கல் நேராக இருப்பதால் 10 மில்லிமீட்டர் ஜாயிண்டில் உண்மையிலேயே கட்ட முடியும். கணக்கில் வந்த 44 லிட்டர் சுவரிலும் 44 லிட்டராகவே இருக்கும். சுருங்கிய செங்கல்லோடு ஒப்பிட்டால் சதுர மீட்டருக்கு 18 லிட்டர் மிச்சம்.

பூச்சிலும் இதே பலன் தொடர்கிறது. ஒன்பது இஞ்ச் செங்கல் சுவரில் கொத்தனார் ஒரு முகத்தை நூலுக்கு நேராக எடுத்தால், கல்லின் நீள வேறுபாடெல்லாம் மறுமுகத்தில் மேடு பள்ளமாகத் தள்ளப்படும். அந்த முகத்தில் 12 மில்லிமீட்டர் பூச வேண்டிய இடத்தில் 18, 20 என்று போக நேரும். ஒவ்வொரு கூடுதல் மில்லிமீட்டரும் சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர் கலவை.

தண்ணீர் விஷயத்தில் இரண்டு கல்லையும் ஒரே மாதிரி நடத்தக் கூடாது. சூளைச் செங்கல்லை ஊறவைத்துத்தான் கட்ட வேண்டும், காய்ந்த செங்கல் கலவையின் தண்ணீரை உறிஞ்சி ஜாயிண்டைப் பொடியாக்கிவிடும். ஃப்ளை ஆஷ் கல்லைத் தொட்டியில் ஊறப்போட்டால் அது ஈரத்தோடு சுவருக்குள் போய், பிறகு காயும்போது மெல்லிய விரிசலாகக் காட்டும். கட்டுவதற்கு முன் மேலே தண்ணீர் தெளித்தால் போதும். நன்றாகப் பதமாகாத கல்லைச் சீக்கிரமே லோடு ஏற்றி அனுப்புவது இந்தத் தொழிலில் உள்ள பெரிய குறை. ஓரத்தை ஆணியால் கீறினால் மாவாக உதிரும் கல், இரண்டு கல்லைத் தட்டினால் மந்தமாக ஒலிக்கும் கல், இவற்றைத் திருப்பி அனுப்ப வேண்டும்.

ஏஏசி பிளாக்: எட்டுக் கல்லில் ஒரு சதுர மீட்டர்

1920-களில் சுவீடனில் ஆக்சல் எரிக்சன் உருவாக்கியது இந்தக் காற்றுக்கல். அரைத்த மணல் அல்லது ஃப்ளை ஆஷ், சுண்ணாம்பு, சிமெண்ட் ஆகியவற்றின் குழம்பில் மிகச் சிறிதளவு அலுமினியத் தூளைச் சேர்ப்பார்கள். அலுமினியமும் சுண்ணாம்பும் வினைபுரிந்து ஹைட்ரஜன் வாயு வர, குழம்பு இட்லி மாவு போலப் பொங்கும். பொங்கியதைக் கம்பியால் அளவாக அறுத்து, அழுத்தமான நீராவியில் பல மணி நேரம் வேகவைப்பார்கள். கம்பியால் அறுப்பதால் இதன் அளவு செங்கல்லைவிட மிகவும் துல்லியமானது. கலவைக் கணக்கு முழுவதும் அந்தத் துல்லியத்தை நம்பித்தான் நிற்கிறது.

பொதுவாகக் கிடைப்பது 600 மில்லிமீட்டர் நீளம், 200 உயரம். கனம் 100, 150, 200 என்று தேவைக்கேற்ப. இதைச் சிமெண்ட் கலவையில் கட்டாமல், மூட்டையில் வரும் பிளாக் பசையில் 3 மில்லிமீட்டர் ஜாயிண்டில் கட்ட வேண்டும். ஒரு பிளாக் சுவரின் முகத்தில் 603 பெருக்கல் 203 மில்லிமீட்டர் பிடிக்கும். சதுர மீட்டருக்கு 8.2 பிளாக். சுவர் நாலு இஞ்ச் ஆனாலும் எட்டு இஞ்ச் ஆனாலும் எண்ணிக்கை இதேதான், பிளாக்கின் கனம்தான் மாறுகிறது. செங்கல்லில் சுவர் தடித்தால் எண்ணிக்கை இரட்டிப்பாவதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

எட்டு இஞ்ச் சுவரில், அதாவது 200 மில்லிமீட்டர் கனத்தில், பசையின் அளவு 4 லிட்டருக்கும் சற்றுக் குறைவு. செங்கல்லில் 44, சுருங்கிய செங்கல்லில் 62, இதில் 4. ஒரு லிட்டர் பசைக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ தூள் என்று வைத்தால் சதுர மீட்டருக்கு 6 கிலோ தூள் வேண்டும். நிறுவனத்துக்கு நிறுவனம் இது கொஞ்சம் மாறும், மூட்டையின் மேல் அச்சிட்டிருக்கும் பரப்பளவைப் பார்த்துக்கொள்ளலாம். பசைக்கு மணல் தனியாக வேண்டாம். பூசிய பிறகு நாள் கணக்கில் தண்ணீர் ஊற்றவும் வேண்டாம்.

இவ்வளவு நல்ல கணக்கு நம் ஊர்ச் சுவர்களில் அடிக்கடி வீணாகிறது. பசை மூட்டையின் விலை சிமெண்ட் மூட்டையைப் போலவோ அதைவிடக் கூடுதலாகவோ தெரிவதால், பிளாக்கை வாங்கிவிட்டு வழக்கமான சிமெண்ட் கலவையில் 10 மில்லிமீட்டர் ஜாயிண்டில் கட்டச் சொல்கிறார்கள். அப்போது சதுர மீட்டருக்குப் பிளாக் 7.8 ஆகக் குறையும், கலவை 12.6 லிட்டராகும். பசையைப் போல மூன்று மடங்குக்கு மேல். செங்கல்லைவிட இது குறைவுதானே என்று கேட்கலாம். அளவில் குறைவுதான், ஆனால் கெடுதல் அளவில் இல்லை. இந்தப் பிளாக் தாகம் எடுத்த கல். ஜாயிண்டில் உள்ள தண்ணீரை உறிஞ்சிவிடும், சிமெண்ட் இறுகத் தண்ணீர் மிஞ்சாது. கலவையைச் சிமெண்ட் கூட்டிப் போட்டால் ஜாயிண்ட் பிளாக்கைவிடக் கடினமாகிவிடும், சுவர் கொஞ்சம் சுருங்கும்போது ஜாயிண்ட் விட்டுக்கொடுக்காமல் பிளாக்கே பிளக்கும். ஏஏசி சுவரில் படிக்கட்டு போல ஓடும் விரிசல்களுக்கும், பிளாக்கின் நடுவே நேராக இறங்கும் விரிசல்களுக்கும் ஒரு முக்கியக் காரணம் இது. மற்றொரு காரணம் ஆலையிலிருந்து ஈரம் காயாமல் வந்த பிளாக்கை உடனே கட்டுவது. மழையில் நனைந்த அடுக்கை அப்படியே சுவரில் ஏற்றுவதும் அதே கேடுதான்.

முதல் வரி மட்டும் விதிவிலக்கு. கீழே இருக்கும் கான்கிரீட் மட்டமாக இருக்காது, 3 மில்லிமீட்டர் பசையால் அதைச் சரிசெய்ய முடியாது. அங்கே 20 மில்லிமீட்டர் வரை சிமெண்ட் கலவைப் படுக்கை போட்டு, ரசமட்டம் வைத்து முதல் வரியைத் துல்லியமாக எடுக்க வேண்டும். அந்த வரி கோணினால் மேலே உள்ள பத்து வரியும் பசைக்கணக்கை மீறும். பல் வைத்த கரண்டியால் பசையைச் சீராக இழுத்து, பிளாக்கின் தூசியைத் துடைத்துவிட்டு வைக்க வேண்டும். சாதாரணக் கரண்டியில் அள்ளி அப்புகிறவர் 3 மில்லிமீட்டர் ஜாயிண்ட் எடுக்க மாட்டார்.

ஒரு அறையின் சுவர்

நாலு மீட்டர் நீளமும் மூன்று மீட்டர் உயரமும் உள்ள ஒரு சுவரை எடுத்துக்கொள்வோம். அதில் 0.9 மீட்டருக்கு 2.1 மீட்டர் கதவு ஒன்று, 1.2 மீட்டருக்கு 1.2 மீட்டர் ஜன்னல் ஒன்று, மேலே சுவர் முழுவதும் ஓடும் 15 சென்டிமீட்டர் லிண்டல். மொத்தப் பரப்பு 12 சதுர மீட்டர். கதவுக்கு 1.89, ஜன்னலுக்கு 1.44, லிண்டலுக்கு 0.6 கழித்தால் கட்ட வேண்டியது 8.07 சதுர மீட்டர். இந்தக் கழித்தலைச் செய்யாமல் 12-க்குக் கல் வாங்கினால் மூன்றில் ஒரு பங்கு கல் வீட்டு வாசலில் மிஞ்சும்.

சேம்பர் செங்கல்லோ ஃப்ளை ஆஷ் கல்லோ, சுவருக்கு 791 கல். உடைசலுக்கு நூற்றுக்கு ஐந்து சேர்த்தால் 830. கல் நேராக இருந்தால் கலவை 355 லிட்டர். காய்ந்த சிமெண்டும் மணலும் தண்ணீர் பட்டால் அடங்கிவிடும் என்பதால், உலர்ந்த பொருளாக இதைப்போல 1.3 மடங்கு எடுக்க வேண்டும். ஒன்றுக்கு ஆறு கலவையில் இது 95 கிலோ சிமெண்ட், அதாவது இரண்டு மூட்டைக்குச் சற்றுக் குறைவு. மணல் 14 கன அடி. அதே சுவரைச் சுருங்கிய செங்கல்லில் 15 மில்லிமீட்டர் ஜாயிண்டில் கட்டினால் கலவை 500 லிட்டர். சிமெண்ட் 134 கிலோ, மணல் ஏறத்தாழ 20 கன அடி. ஒரே ஒரு சுவரில் முக்கால் மூட்டைக்கு மேல் சிமெண்டும் ஆறு கன அடி மணலும் கூடுதல். வீட்டில் இப்படி எத்தனை சுவர் என்று எண்ணிப் பெருக்கிக்கொள்ளலாம். கீழே சிந்துவதற்கு இரண்டிலும் நூற்றுக்குப் பத்து தனியாகச் சேர்க்க வேண்டும்.

எட்டு இஞ்ச் ஏஏசி பிளாக்கில் இதே சுவருக்கு 66 பிளாக். கதவு ஓரத்திலும் ஜன்னல் ஓரத்திலும் அறுப்பதால் வீணாவதற்குச் சேர்த்து 70. பசைத்தூள் 48 கிலோ, 40 கிலோ மூட்டையில் ஒன்றேகால். முதல் வரியின் படுக்கைக்கு 12 லிட்டர் சிமெண்ட் கலவை. மணல் லோடு என்ற பேச்சே கிட்டத்தட்ட இல்லை.

எடையையும் ஒரு வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். ஒன்பது இஞ்ச் செங்கல் சுவர் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 400 கிலோ, ஆக இந்தச் சுவர் மூன்று டன்னுக்கு மேல். காய்ந்த ஏஏசி சுவர் சதுர மீட்டருக்கு 140 கிலோவுக்கு உள்ளே, மொத்தம் ஒரு டன்னுக்குச் சற்று மேல். தூணும் பீமும் தாங்கும் மாடிக் கட்டடங்களில் கம்பிச் செலவு குறைவது இதனால்தான். சுவரே கூரையைத் தாங்கும் வீட்டில் இந்த இலேசு ஒரு லாபம் அல்ல. ஏஏசி பிளாக்கின் நசுக்கு வலிமை நல்ல செங்கல்லைவிடவும் நல்ல ஃப்ளை ஆஷ் கல்லைவிடவும் குறைவு. தூண் இல்லாத வீட்டுக்கு அதைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் கட்டாயம் ஒரு பொறியாளரிடம் கேட்க வேண்டும்.

கட்டிய சுவரில் அளப்பது எப்படி?

வாங்கும்போது போட்ட கணக்கு சுவரில் நிற்கிறதா என்று பூச்சுக்கு முன் பார்க்க வழி இருக்கிறது. கட்டிய சுவரில் பத்து வரிகளின் உயரத்தை ஒரே இழுப்பில் அளக்க வேண்டும். அடுக்கில் உள்ள பத்துக் கல்லை ஒன்றன்மேல் ஒன்றாகக் கலவையில்லாமல் வைத்து அதையும் அளக்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பத்தால் வகுத்தால் ஜாயிண்டின் சராசரிக் கனம். சுவர் 85 சென்டிமீட்டர், கல் 75 சென்டிமீட்டர் என்றால் ஜாயிண்ட் ஒரு சென்டிமீட்டர், வேலை சரி. சுவர் 87, கல் 72 என்றால் ஒன்றரை சென்டிமீட்டர், கலவை கணக்கை மீறிப் போய்க்கொண்டிருக்கிறது. பிளாக் சுவரில் ஐந்து வரி போதும். 101 அல்லது 102 சென்டிமீட்டர் இருந்தால் பசை ஜாயிண்ட் ஒழுங்கு. 105-ஐத் தொட்டால், பசையின் பெயரில் வேறு ஏதோ நடக்கிறது. முதல் நாள் மாலையே அளந்துவிட்டால் மேஸ்திரியிடம் நிதானமாகப் பேசலாம். லிண்டல் வரை ஏறிய பிறகு பேசினால் இரு பக்கமும் மனக்கசப்புத்தான்.

விலை ஒப்பிடும் முறையும் இதிலிருந்தே வருகிறது. செங்கல்லுக்கும் ஃப்ளை ஆஷ் கல்லுக்கும் 98 கல்லின் விலையோடு 12 கிலோ சிமெண்ட், 50 லிட்டர் மணல் விலையைச் சேர்க்க வேண்டும். அதுவே ஒழுங்கான கல்லில் ஒரு சதுர மீட்டரின் பொருட்செலவு. கல் கோணலாக இருந்தால் சிமெண்டை 17 கிலோ, மணலை 70 லிட்டர் என்று வைக்க வேண்டும். பிளாக்குக்கு 8.2 பிளாக்கின் விலையும் 6 கிலோ பசைத்தூளின் விலையும். கூலியைச் சதுர அடிக்குப் பேசினால் அதை மூன்றுக்கும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். ஒரு பிளாக்கை வைத்தால் பன்னிரண்டு கல் வேலை முடிகிறது, ஆனால் பதினைந்து கிலோ எடையைச் சாரத்தின் மேல் தூக்கித் தரச் சித்தாள் உழைப்பு வேண்டும்.

என் முடிவை மறைக்காமல் சொல்கிறேன். சுவர் தாங்கும் ஒரு மாடி வீட்டுக்கு, ஊரில் நன்றாகப் பதமான ஃப்ளை ஆஷ் கல் கிடைத்தால் அதை வாங்குங்கள். கிடைக்காவிட்டால் இருபது கல் வரிசைச் சோதனையில் தேறிய சேம்பர் செங்கல்லை வாங்குங்கள், சுருங்கிய மலிவுக் கல்லை வாங்க வேண்டாம். தூண், பீம் எழுப்பிய கட்டடத்துக்கு ஏஏசி பிளாக் நல்ல தேர்வு, ஆனால் பசையில் பழகிய கொத்தனார் கிடைத்தால் மட்டும். அவர் கிடைக்கவில்லை என்றால் பிளாக்கை வாங்காதீர்கள்.